வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: முங்கு தொட்டிக்கு ஆபத்து, அது காலியாக இருக்கும்போதுதான்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வீட்டு விளையில் முங்கிக் குளிக்க ஒரு சின்னத் தொட்டி கட்ட வேண்டும் என்று குழித்துறை, களியக்காவிளைப் பக்கமிருந்தும் எல்லைக்கு அப்புறம் பாறசாலைப் பக்கமிருந்தும் பலர் கேட்டு வருகிறீர்கள். பெரும்பாலும் டைல்ஸின் நிறம், படியின் அகலம், மொத்தச் செலவு பற்றித்தான் பேச்சு. அவையெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவை. மாற்றவே முடியாத ஒன்று உண்டு. தொட்டியைக் கழுவத் தண்ணீரை இறைக்கும் நாளில் அது நின்ற இடத்தில் நிற்குமா என்பது, குழி தோண்டும்போதே முடிவாகிவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நிலத்துக்குள் இருக்கும் காலித் தொட்டி ஒரு தோணி மாதிரி. சுற்றிலும் மண்ணில் தண்ணீர் ஏறினால் அது தொட்டியை அடியிலிருந்து தூக்கும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்தப் பாரம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இறைத்துவிட்டால் கான்கிரீட்டின் எடை மட்டும்தான் மிச்சம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உள்ளளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஆழம் 1.35 மீட்டர். அதில் 1.2 மீட்டருக்குத் தண்ணீர் நின்றால் 7,200 லிட்டர். சுவர் 15 செ.மீ., தரை 20 செ.மீ. கனம். இதற்குப் பிடிக்கும் கான்கிரீட் சுமார் 3.7 கன மீட்டர், எடை 9 டன்னுக்குச் சற்று மேல். வெளியளவுக்கு அடிப்பரப்பு 7.6 சதுர மீட்டர். வெளியே தண்ணீர் தொட்டியின் அடியிலிருந்து ஒரு மீட்டர் ஏறினால் 7.6 டன் தூக்கும், 1.2 மீட்டர் ஏறினால் 9 டன்னைத் தாண்டிவிடும். தொட்டியின் விளிம்பை மழைநீர் உள்ளே வழியாதபடி தரைக்கு மேல் 15 செ.மீ. உயர்த்திக் கட்டுவோம். அப்போது தொட்டியின் அடி, தரையிலிருந்து 1.4 மீட்டர் கீழே இருக்கும். அதாவது முற்றத்திலிருந்து வெறும் 20 செ.மீ. கீழே தண்ணீர் வந்து நின்றாலே காலித் தொட்டி கிளம்பிவிடும்.

"எங்கள் கிணற்றில் முப்பது அடியில்தான் தண்ணீர், எங்கே ஏறப் போகிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பக்கத்து மண்ணை நினைத்துப் பாருங்கள். மேலே செம்மண், அதன் கீழ் வெட்டுக்கல், பல இடங்களில் அதற்கும் கீழே சேடி என்று நாம் சொல்லும் வழவழப்பான களிமண். சேடி தண்ணீரை எளிதில் கீழே விடாது. அதில் குழி வெட்டித் தொட்டியை இறக்கி, சுற்றிலும் பொலபொலவென்று மண்ணைப் போட்டு மூடினால், தொட்டியைச் சுற்றி இன்னொரு தொட்டி உண்டாகிவிடுகிறது. கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் அந்த இளகின மண்ணில்தான் இறங்கி நிற்கும். கிணற்றில் தண்ணீர் எங்கே இருந்தாலும் சரி, இடவப்பாதியிலும் ஐப்பசி மழையிலும் இந்தச் சந்து நிரம்பிவிடும். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் ஊர் நம்முடையது.

அதனால் நாங்கள் தரைக் கான்கிரீட்டைச் சுவரோடு நிறுத்துவதில்லை, நாலு பக்கமும் ஓர் அடி வெளியே நீட்டி வார்க்கிறோம். இந்த நீட்டலின் மேல் மண் உட்காரும். தண்ணீரில் ஊறிய மண்ணுக்குக்கூட கன மீட்டருக்கு 900 கிலோ அளவுக்கு அழுத்தும் எடை மிஞ்சும். மேலே சொன்ன தொட்டிக்கு இந்த நீட்டலைச் சேர்த்தால் கான்கிரீட் 11 டன், மேலிருக்கும் மண் 4 டன், ஆக 15 டன். தண்ணீர் தரைமட்டம்வரை ஏறினாலும் தூக்கும் விசை 11.4 டன்தான். கூடுதலாகப் பிடிக்கும் கான்கிரீட் முக்கால் கன மீட்டர். செலவைக் குறைக்க இதை வெட்டச் சொன்னால் அந்த வேலையை நாங்கள் ஏற்பதில்லை.

குழி 4.5 மீட்டருக்கு 3.5 மீட்டர், ஆழம் 1.65 மீட்டர். வெட்டினால் சுமார் 9 யூனிட் மண். வெளியே வந்து இளகியதும் அது 12 யூனிட் ஆகிவிடும், அதைக் கொட்ட இடம் பார்த்து வையுங்கள். தை மாதம் தொடங்கி வைகாசிக்குள் வேலை முடிய வேண்டும். வெட்டுக்கல் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும். சேடி தென்பட்டால் அது ஒரே மழையில் சரியும், பக்கங்களைச் சாய்த்து வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் ஓரத்தில் குவிக்கக் கூடாது, குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிப் போட வேண்டும். அடியில் 15 செ.மீ. கனத்துக்கு 20 மி.மீ. சல்லி, அதன்மேல் 10 செ.மீ. சாதாக் கான்கிரீட், அதன்மேல்தான் தொட்டியின் தரை.

அந்தச் சல்லிப் படுகையிலிருந்து தரைமட்டம்வரை, தொட்டிக்கு வெளியே ஒரு மூலையில் 160 மி.மீ. பிவிசி குழாய் ஒன்றை நிறுத்துகிறோம். அடி அரை மீட்டருக்குத் துளை போட்டு, வடிதுணி சுற்றி, மேலே மூடி. பார்வைக்கு ஒன்றுமில்லை, ஆனால் தொட்டிக்கு அடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஒரே கண் அதுதான். பிறகு வைக்க வேண்டுமென்றால் முற்றத்தை உடைக்க வேண்டியிருக்கும்.

இனி கான்கிரீட். தண்ணீர் கசியாத கான்கிரீட்டுக்கு எம் 30 தரம், ஆகச் சுமார் 35 மூட்டை சிமெண்ட். கசிவைத் தீர்மானிப்பது சிமெண்டை விடக் கலவையில் ஊற்றும் தண்ணீர்தான். சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது, 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர். இதில் எம் சாண்டில் இருக்கும் ஈரமும் சேர்த்தி. ஈரமணலில் மூட்டைக் கணக்குக்கு 4 லிட்டர்வரை ஒளிந்திருக்கும், ஆகவே கையால் ஊற்றுவது 18 லிட்டர் அளவுக்குத்தான் வரும். கலவை இறுகலாக இருக்கிறது என்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றுவார்கள். வேலை சுலபமாகும், ஆனால் அந்தத் தண்ணீர் பிறகு காய்ந்து போகும் வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நின்றுவிடும். இளக்கம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம், தண்ணீர் சேர்க்கக் கூடாது. வாட்டர்புரூஃப் திரவம் போடுகிறோமே என்று இதில் சலுகை காட்டினால் அந்தத் திரவத்தால் அதை ஈடுகட்ட முடியாது.

கசிவு பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் வரும். முதலாவது, தரையும் சுவரும் சேரும் மூட்டு. தரை வார்க்கும்போதே சுவரையும் 15 செ.மீ. உயரத்துக்குச் சேர்த்து எழுப்பிவிடுவோம். அதன் நடுவில், மூட்டு வழியே தண்ணீர் போகாமல் தடுக்கும் பட்டையான 150 மி.மீ. அகல பிவிசி வாட்டர் பார், பாதி பழைய கான்கிரீட்டிலும் பாதி புதியதிலும் இருக்கும்படி, மடங்காமல் கம்பியில் கட்டி நிறுத்த வேண்டும். சுவர் வார்க்கும் முன் மூட்டின் மேற்பரப்பைக் கொத்திச் சல்லி தெரியும்படி செய்து, கழுவி, ஈரமாக வைக்க வேண்டும். இரண்டாவது, சென்ட்ரிங் பலகைகளைப் பிடிக்கச் சுவருக்குக் குறுக்கே விடும் கட்டுக்கம்பி. ஒவ்வொரு கம்பியும் துருப்பிடித்துத் தண்ணீருக்கு ஒரு வாய்க்காலாகும், அதனால் பலகைகளை வெளியிலிருந்து முட்டுக் கொடுத்து நிறுத்துகிறோம். மூன்றாவது, குழாய் போகும் துளை. சுற்றிலும் வட்டத் தகடு மாதிரி பிளேஞ்ச் வைத்த குழாய்த் துண்டைக் கம்பியோடு சேர்த்து வார்க்க வேண்டும், பிறகு உடைத்துத் துளை போட்டால் எத்தனை பூசினாலும் அங்கே ஊறும். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே 45 மி.மீ. குறையாமல் கான்கிரீட் இருக்க வேண்டும். இதற்குச் சிமெண்டுக் கட்டைகளைத்தான் வைக்க வேண்டும், சல்லித் துண்டுகளை அல்ல.

பலகை பிரித்ததும் 14 நாள் சாக்கு சுற்றி நனைக்க வேண்டும். 28 நாள் ஆனதும், மண் மூடும் முன், டைல்ஸ் ஒட்டும் முன், தொட்டியை நிரப்பிச் சோதிக்கிறோம். முதல் வாரம் கான்கிரீட் தண்ணீரைக் குடிக்கும், அதை விட்டுவிடுங்கள். பிறகு படியின்மேல் ஒரு வாளியைத் தண்ணீரோடு நிறுத்தி, தொட்டியின் மட்டத்தையும் வாளியின் மட்டத்தையும் பென்சிலால் குறியுங்கள். வெயிலில் இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது ஆவியானது. தொட்டி மட்டும் கூடுதலாக இறங்கினால் எங்கோ கசிகிறது, வெளிச்சுவரில் ஈரத்தடம் பார்த்து இடத்தைக் கண்டுவிடலாம். மண் மூடாத இந்த நாட்களில் திடீர் மழை பெய்து குழி நிரம்பப் பார்த்தால், தொட்டிக்குள் தண்ணீரை வைத்திருங்கள். நீட்டலின் மேல் மண்பாரம் இல்லாத நேரம் அது.

மண்ணை ஓர் அடிக்கு ஓர் அடியாகப் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். கடைசி ஓர் அடிக்குக் களிமண் போட்டு வெளிப்பக்கம் சாய்வு கொடுத்தால் கூரைத் தண்ணீர் விலகிப் போகும்.

இனி தண்ணீரை இறைக்கும் நாள். வடிகட்டி ஓடும் தொட்டியை வருடா வருடம் காலி செய்யத் தேவையில்லை. செய்வதென்றால் மாசி, பங்குனி. இறைப்பதற்கு 4 நாள் முன்பே குளோரின் போடுவதை நிறுத்துங்கள், அப்புறம் அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு விடலாம். ஆனால் தொட்டிக்குப் பக்கத்துத் தென்னைக்கு விடாதீர்கள், அந்த 7,200 லிட்டரும் மண்ணில் இறங்கித் தொட்டிக்கு அடியிலேயே போய் நிற்கும். இருபது மீட்டர் தள்ளி, சரிவான பக்கமாக விடுங்கள். மோட்டார் போடும்போது தொட்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது, அந்த இணைப்பில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால், மூலைக் குழாயின் மூடியைத் திறந்து காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றை அடிவரை விட்டு எடுங்கள். எங்கிருந்து நனைந்திருக்கிறது என்று, தரைமட்டத்திலிருந்து அளந்து பாருங்கள். 1.4 மீட்டருக்கும் கீழே மட்டும் நனைந்திருந்தால் தாராளமாக இறைக்கலாம். அதற்கு மேல் இரண்டடிவரை ஈரம் ஏறியிருந்தால், சின்ன நீர்மூழ்கி மோட்டாரை அந்தக் குழாய்க்குள் இறக்கி முதலில் அடித்தண்ணீரை எடுங்கள், கழுவி முடித்துத் திரும்ப நிரப்பும்வரை அது ஓடட்டும். அதையும் தாண்டியிருந்தால் கழுவுவதைத் தள்ளிப்போடுங்கள். நீட்டல் தாங்கும் என்று கணக்குச் சொன்னாலும், இடித்த மண் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

காலியான தொட்டியை ஒரு நாளுக்கு மேல் வெயிலில் விடாதீர்கள், டைல்ஸ் சூடேறிப் பெயரும். ஆசிட் ஊற்றித் தேய்க்காதீர்கள், அது பாசியோடு டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் அரித்துவிடும்.

ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர்கள், அது அசைந்திருக்கிறதா என்று தண்ணீர் நிறைந்திருக்கும்போதே பார்த்துவிடலாம். தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும். டைல்ஸ் வரிசை ஒரு மூலையில் தண்ணீருக்கு மேல் ஒரு விரலும் எதிர் மூலையில் மூன்று விரலும் தெரிந்தால், கட்டியபோது அப்படி இல்லை என்றால், தொட்டி ஒருபக்கம் எழும்பியிருக்கிறது. விளிம்புக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவே புதிதாக விரிசல் திறந்திருக்கும். எழும்பிய தொட்டிக்கு அடியில் சேறு புகுந்துவிடும், தானாகத் திரும்ப உட்காராது. அப்படித் தெரிந்தால் இறைக்காமல், நிறைந்தபடியே வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

புதிதாகக் கட்ட நினைப்பவர்கள் விலை கேட்க வரும்போது இரண்டு விவரம் கொண்டு வாருங்கள்: கிணற்றில் ஐப்பசி மழை முடிந்ததும் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும், கூரைத் தண்ணீர் இப்போது எந்தப் பக்கம் போகிறது. அந்த இரண்டையும் பார்த்துத்தான் தொட்டியின் இடத்தையும் ஆழத்தையும் சொல்வோம்.

அன்புடன்,
கட்டுமானப் பணிக் குழுவினர்,
குழித்துறை