எங்க கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் குடுத்தவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கும் சர்வீஸ் பிரிவுல இருக்குறவங்களுக்கும்,

வணக்கம். நான் கோவில்பட்டி பக்கம் ஒரு ஜவுளிக்கடையில பதினாலு வருசமா பில்லிங்கும் கணக்கும் பாக்குறேன். எந்தக் கடைன்னு உங்களுக்கே தெரியும், அக்டோபர் 17 வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன நடந்துச்சுன்னும் தெரியும். அதுக்கப்புறம் மூணு மெயில் போட்டாச்சு, "டிக்கெட் க்ளோஸ்ட்"னு மட்டும் பதில் வந்துச்சு. அதனாலதான் இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

2025 தீபாவளி திங்கக்கிழமை. அதுக்கு முந்தின சனி, ஞாயிறுதான் எங்களுக்கு வருசத்துலேயே பெரிய வியாபாரம். வெள்ளி ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு கடைசியா வந்த ஆறு பேலைப் பிரிச்சு என்ட்ரி போட்டு டேக் அடிச்சிட்டு இருக்கோம், சேவ் குடுத்தா சுத்திக்கிட்டே நிக்குது, கடைசியில இப்படி வந்துச்சு: The transaction log for database 'SHOPDB' is full due to 'LOG_BACKUP'. உங்க நம்பருக்கு விடாம அடிச்சு பத்து இருபத்தஞ்சுக்குத்தான் ஒருத்தர் எடுத்தாரு. சின்னப் பையன். அவரை நான் குத்தம் சொல்ல வரல, அந்த நேரத்துல தனியா உக்காந்து எத்தனை கடைக்கு பதில் சொல்லிட்டு இருந்தாரோ. ரிமோட்ல வந்து பாத்துட்டு "டிஸ்க் ஃபுல்லுங்க, இந்த ஒரு ஃபைல்தான் 170 ஜிபி புடிச்சிருக்கு"ன்னு சொல்லி, சர்வீஸை நிப்பாட்டி, அந்த .ldf ஃபைலை அழிச்சிட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணுனாரு. டேட்டாபேஸ் பேருக்குப் பக்கத்துல Recovery Pendingன்னு வந்து நின்னுச்சு. அவ்வளவுதான், கடை இருட்டாயிருச்சு.

அந்த ஃபைல் என்னன்னு அப்போ எனக்குத் தெரியாது. இப்போ தெரியும், தெரிஞ்சுக்க வச்சிட்டீங்க. எங்க சாமான், பில், ஸ்டாக் எல்லாம் சேர்ந்த டேட்டா ஃபைலே 6 ஜிபிதான். 170 ஜிபி இருந்தது லாக், அதாவது நாங்க போடுற ஒவ்வொரு பில்லையும் முதல்ல எழுதி வச்சுக்கிற நடைக்குறிப்பு மாதிரி. நீங்க டேட்டாபேஸை ஃபுல் ரெகவரியில இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிட்டீங்க. அப்படி வச்சா லாகுக்குன்னு தனியா பேக்கப் எடுக்கணும், எடுத்தாத்தான் பழைய பகுதி காலியாகி திரும்பப் பயன்படும். தினமும் எடுக்குற முழு பேக்கப் லாகைக் காலி பண்ணாது. நாங்க தினமும் கடை சாத்தும்போது பேக்கப் பட்டனை அமுக்கிட்டுத்தான் போறோம், எல்லாம் பத்திரமா இருக்குன்னு நம்பிக்கிட்டு, ஆனா உள்ள அந்த ஃபைல் ஒரு நாள்கூட குறையாம மூணு வருசமா வளந்துக்கிட்டே இருந்திருக்கு. 240 ஜிபி டிஸ்க் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதைவிட மோசமானது இது. பேக்கப்பும் அதே டிஸ்க்லதான் போய் விழுது. அக்டோபர் 6ந் தேதிக்கு அப்புறம் 6 ஜிபி எழுத இடமில்ல, அதனால பேக்கப் ஆகவே இல்ல. லாகுக்கு மட்டும் மிச்சமிருந்த கொஞ்ச இடம் பதினோரு நாள் ஓடிருக்கு. அந்தப் பதினோரு நாளும் ராத்திரி உங்க சாஃப்ட்வேர் ஸ்கிரீன்ல என்ன காமிச்சுச்சு தெரியுமா, "பேக்கப் முடிந்தது"ன்னு. ஃபைலோட தேதியைப் பாத்திருந்தா புரிஞ்சிருக்கும், ஆனா பச்சை டிக் வந்தா யாரு சார் ஃபோல்டரைத் திறந்து பாப்பாங்க? ராத்திரி ஒரு மணிக்கு அந்தப் பழைய பேக்கப்பை ஏத்துனா, தீபாவளிக்குன்னு வந்த சரக்கு பாதி அதுல இல்லவே இல்ல. ஸ்கேன் பண்ணுனா "ஐட்டம் இல்லை"ன்னு வருது.

லாக் ஃபுல்லானா அழிக்கக் கூடாதாம். வேற டிஸ்க்ல லாகுக்கு இன்னொரு ஃபைல் சேத்து விட்டிருந்தாலே வேலை ஓடியிருக்கும், அப்புறமா லாக் பேக்கப் எடுத்து சுருக்கிக்கலாம். லாக் நிரம்பி திணறிட்டு இருக்குற டேட்டாபேஸை நிப்பாட்டுனா அது சுத்தமா மூடிக்காது, அந்த நேரத்துல லாகையும் அழிச்சிட்டா தானா திரும்ப எந்திரிக்காது. இதை அடுத்த வாரம் வந்த உங்க சீனியரே சொன்னாரு. எங்க மேசை டிராயர்ல 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் சும்மா கிடந்துச்சு சார். ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாட்டி விட்டிருப்போம்.

அன்னைக்கு ராத்திரி எங்களைக் காப்பாத்துனது எங்க அண்ணாச்சி. பதினொண்ணே காலுக்கு நான் கைகால் நடுங்கிப் போய் நிக்கிறேன், அவரு ஒண்ணும் பேசாம மேல போயி மர பீரோவைத் திறந்து ரெண்டு அட்டைப்பெட்டியை இறக்குனாரு. உள்ள பில் புக்கு, ஐம்பது ஐம்பதா நாப்பது புக்கு, கடை பேரு, ஜிஎஸ்டி நம்பர், சீரியல் நம்பர் எல்லாம் அச்சடிச்சது. வருசா வருசம் ஆடி முடிஞ்சதும் பிரஸ்ல குடுத்து அடிச்சு வைப்பாரு. நான்கூட ரெண்டு தடவை "எதுக்கு அண்ணாச்சி இந்தச் செலவு"ன்னு கேட்டிருக்கேன். கம்ப்யூட்டர் பில்லோட குழம்பிரக் கூடாதுன்னு நம்பருக்கு முன்னாடி DM/ன்னு தனி சீரிஸ். ஒரு நிதியாண்டுக்குள்ள நம்பர் திரும்ப வராம, வரிசையா, பதினாறு எழுத்துக்குள்ள இருந்தா எத்தனை சீரிஸ் வேணும்னாலும் வச்சுக்கலாம், அது சட்டத்துலயே இருக்கு.

வரிக்கு ஒரு வழி பண்ணி வச்சிருந்தாரு. செப்டம்பர் 22லருந்து ரேட்டு மாறுனதால, ஒரு பீஸ் 2,500 வரைக்கும் ரெடிமேடுக்கு 5 சதவீதம், அதுக்கு மேல 18, சேலைக்கு என்ன விலைன்னாலும் 5. பில் எழுதுறவங்க இதை யோசிச்சிட்டு நிக்கக் கூடாதுன்னு 5க்கு வெள்ளை புக்கு, 18க்கு மஞ்சள் புக்கு. டேக்ல இருக்குறது வரி சேர்ந்த விலை, அதனால வெள்ளை புக்குல கூட்டிட்டு 105ஆல வகுத்து 5ஆல பெருக்குனா வரி வந்துரும். ஒரு சுடிதார் 1,575, ஒரு சட்டை 840, மொத்தம் 2,415, அதுல வரி 115, சிஜிஎஸ்டி 57.50 எஸ்ஜிஎஸ்டி 57.50. இதையும் ஒரு அட்டவணையா எழுதி லேமினேட் பண்ணி வச்சிருந்தாரு, கூட்டுத்தொகையைப் பாத்து பக்கத்துல இருக்குறதை எழுதிக்க வேண்டியதுதான்.

டேக்கை ரெண்டா கிழிச்சு, கீழ்த்துண்டை கார்பன் காப்பியோட பின் பண்ணச் சொன்னாரு. அந்தத் துண்டுலதான் கோடு, சைஸ், விலை எல்லாம் இருக்கு. சிஸ்டம் வந்தப்புறம் எது வித்துச்சு, எது மிச்சம்னு அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். டேக் அடிக்காத பேலுக்கு காலண்டர் அட்டையை வெட்டி மார்க்கர்ல விலை எழுதி ராத்திரி மூணு மணி வரைக்கும் நாங்க எட்டு பேரு ஸ்டேப்ளர் அடிச்சோம். அண்ணாச்சிக்கு அறுபத்தியேழு வயசு, அவரும் தரையில உக்காந்து அடிச்சாரு.

சனிக்கிழமை அஞ்சு கவுண்டர்லயும் கையில பில். கம்ப்யூட்டர்ல ஒரு பில்லுக்கு ஒரு நிமிசம்னா கையில நாலு நிமிசம். ரெண்டு நாள்ல 684 பில் எழுதுனோம், போன வருசம் இதே ரெண்டு நாள்ல அதுல ரெண்டு மடங்கு. மிச்சப் பேரு லைனைப் பாத்துட்டு எடுத்த துணியை அப்படியே வச்சிட்டுப் போயிட்டாங்க.

ஆனா நான் மறக்க முடியாம இருக்குறது வியாபாரம் இல்ல. ரெண்டாவது கவுண்டர்ல ஒரு பொண்ணு, பக்கத்து கிராமத்துலருந்து பஸ்ல வந்துட்டுப் போறவ, இருபத்தொரு வயசு, பில் புக்கை அன்னைக்குத்தான் முத தடவையா பாக்குறா. கார்பன்ல அடியில விழணும்னா பேனாவை அழுத்தி எழுதணும். சாயங்காலம் நாலு மணிக்கு கட்டைவிரல் மூட்டு வீங்கிப் போச்சு, கைக்குட்டையைச் சுத்திக்கிட்டு எழுதுறா, எழுந்திரும்மான்னா "லைன் நிக்குதுண்ணே"ங்கிறா. ராத்திரி கல்லாவை நேர் பாத்தா அவ கூட்டுனதுல ஒரு பில்லுல 300 ரூபா குறைச்சுப் போட்டிருக்கா. யாரும் ஒண்ணும் சொல்லல, அவளா கார்பன் மை அப்புன கையால பர்ஸைத் திறந்து, போனஸ் கவர்லருந்து 300 எடுத்து மேசையில வைக்கிறா. அண்ணாச்சி திருப்பிக் குடுத்துட்டாரு. அவ அழுதுட்டா. தப்பு அவ பண்ணுனதா சார்? சொல்லுங்க.

உங்க சீனியர் புதன்கிழமை வந்து ரிப்பேர் பண்ணி பெரும்பாலும் மீட்டுக் குடுத்தாரு, நன்றி. ஆனா கையில போட்ட பில்லை அதே நம்பரோட ஏத்த உங்க சாஃப்ட்வேர்ல இடமே இல்ல, எல்லாத்துக்கும் அதுவா புது நம்பர் போடுது. கடைசியில ஆடிட்டர்கிட்ட உக்காந்து, ஜிஎஸ்டிஆர்-1ல ரேட்டு வாரியா மொத்தத்தைத் தனியாச் சேத்து, டேபிள் 13ல DM சீரிஸ் எதுலருந்து எது வரைக்கும், கேன்சல் ஆனது 11ன்னு கையாலயே போட்டோம். ஸ்டாக்குக்கு அந்த டேக் துண்டு ரெண்டாயிரத்துச் சொச்சத்தை ஒவ்வொண்ணா பாத்து முடிக்க ஒம்பது நாள். வருசா வருசம் ஏஎம்சி பணம் கேட்டு தேதி தப்பாம போன் வருதுல்ல, அதே அக்கறையில ஒரு தடவை எங்க டிஸ்க்ல எவ்வளவு இடம் இருக்குன்னு பாத்திருந்தா இது எதுவும் நடந்திருக்காது. இந்த ஊர்ல எங்களை மாதிரி எத்தனை கடைக்கு இப்படியே போட்டு வச்சிருக்கீங்கன்னும் எனக்குப் பயமா இருக்கு. உங்க சாஃப்ட்வேர் வச்சிருக்குற மத்த கடைக்காரங்க சர்வீஸ் ஆளை விட்டு இதை ஓட்டிப் பாருங்க:

```sql
SELECT name, recovery_model_desc, log_reuse_wait_desc
FROM sys.databases;
```

உங்க கடை டேட்டாபேஸ் பேருக்கு நேரா FULL, LOG_BACKUPன்னு வந்து, லாக் பேக்கப்னு ஒண்ணு தனியா ஓடலைன்னா நாங்க இருந்த இடத்துலதான் நீங்களும் இருக்கீங்க.

கோபத்துல ஏதாவது கூடுதலா எழுதியிருந்தா பொறுத்துக்கங்க. நாங்க கேக்குறது ஒண்ணுதான், மெயில்லயும் இதைத்தான் கேட்டோம். சீசனுக்கு முன்னாடி ஒரு நாள் வாங்க. அன்னைக்கு எடுத்த பேக்கப்பை, சர்வர்ல இல்ல, எங்க கண்ணு முன்னாடி வேற ஒரு கம்ப்யூட்டர்ல ஏத்தி, அதுல ஒரு பில் போட்டுக் காமிங்க. போட முடிஞ்சா அது பேக்கப், இல்லைன்னா வெறும் ஃபைல். லாக் பேக்கப்பை அரை மணிக்கு ஒரு தடவை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குப் போற மாதிரி வச்சிக் குடுங்க. நீங்க போட்டது SQL Server எக்ஸ்பிரஸ் எடிஷன்தான், நேரத்துக்கு வேலையைத் தானா ஓட்டுற ஏஜென்ட் அதுல வராது, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்லயாவது போட்டு விடுங்க. பேக்கப் ஆகலைன்னா ஆகலைன்னு சிவப்புல காமிங்க. கைபில்லை அதே நம்பரோட ஏத்த ஒரு வழி பண்ணுங்க. எங்ககிட்ட கேக்காம எந்த ஃபைலையும் அழிக்க மாட்டோம்னு ஏஎம்சி தாள்ல ஒரு வரி எழுதிக் குடுங்க.

ஆடித் தள்ளுபடிக்கு முன்னாடி, ஆனி மாசத்துல எந்த நாள்னாலும் சரி, ஞாயிறுன்னாலும் நாங்க கடையைத் திறந்து வச்சிருப்போம். ஏத்திப் பாக்குறதுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரை அண்ணாச்சி இப்பவே துடைச்சு எடுத்து வச்சிட்டாரு. தயவுசெஞ்சு தேதி சொல்லுங்க.

இப்படிக்கு,
பில்லிங் பிரிவுலருந்து