யாருக்காகக் கேட்கிறீர்கள்? அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களில் கல்வி உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் அறக்கட்டளை நடத்திவரும் அறங்காவலர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

நான் தேவகோட்டையில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன். என் தகப்பனார் காலம் தொட்டு, ஏழை மாணவர் கட்டணத்துக்கென்று எங்கள் வீட்டிலிருந்து ஆண்டுக்கொரு முறை ஒரு தொகை போய்க்கொண்டிருக்கிறது. சென்ற மே மாதம் அந்த அறக்கட்டளையிலிருந்து வந்த வேண்டுகோளைக் கண்பார்வை மங்கிப்போன எங்கள் ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கனவுகள் சுமந்த சின்னஞ்சிறு கண்கள், இருளில் ஏற்றப்படும் ஒரு விளக்கு, ஒரு துளி அன்பால் மாறப்போகும் ஒரு வாழ்வு என்று இரண்டு பக்கம் ஓடியது. பொறுமையாகக் கேட்டு முடித்த ஆத்தா, “யாருக்குப்பா கேக்குறாக?” என்றார்கள். திரும்பவும் முதல் வரியிலிருந்து தேடினேன். பதில் அந்த மடலில் இல்லை.

அன்றிரவு ஒரு பென்சிலை எடுத்து, அறக்கட்டளையின் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடிய வாக்கியங்களுக்கு மட்டும் கோடிட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு வாக்கியங்களில் இரண்டு தேறின. ஒன்று வங்கிக் கணக்கு எண், மற்றொன்று 80ஜி வரிவிலக்கு பற்றிய குறிப்பு. பிறகு ‘மாணவர்’ என்று வரும் இடங்களில் ‘முதியோர்’ என்று மாற்றி வாசித்தேன். பதினேழு வாக்கியங்கள் துளியும் பிசகாமல் அப்படியே பொருந்தி நின்றன. எந்த ஊர் எந்த அறக்கட்டளையின் பெயரைப் போட்டாலும் அந்த மடல் செல்லுபடியாகும் என்று அப்போதுதான் விளங்கியது.

அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டபோது, அங்கிருந்த தம்பி ஒளிக்காமல் சொன்னார். ‘கல்வி உதவிக்கு நன்கொடை கேட்டு உருக்கமாக ஒரு மடல்’ என்று ஒரே வரியைக் கணினியில் இயங்கும் எழுதுகருவிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது எழுதித் தந்ததை அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தம்பியின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எந்த மாணவரைப் பற்றியும் ஒரு சொல்கூடத் தரப்படாத கருவி, இதுவரை உலகில் எழுதப்பட்ட வேண்டுகோள்களில் அடிக்கடி வரும் சொற்களைக் கோத்துக் கொடுக்கும். அதனால் வேறு எதையும் தர முடியாது. பதிவேட்டில் இருக்கும் செய்தி மேசைக்கு வராமல் போனதே இங்கு நேர்ந்த குறை.

இந்த உருக்கம் எங்கிருந்து கடன் வாங்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கையில் ஐந்து டாலர் கொடுக்கப்பட்டவர்களிடம் ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு உதவி கேட்கப்பட்டது. மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்னும் ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி வாசித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பல இலட்சம் பேர் பட்டினி என்ற புள்ளிவிவரத்தை மட்டும் வாசித்தவர்கள் கொடுத்தது 1.14 டாலர். ஒரு பெயரும் ஒரு ஊரும் ஒரு வயதும் சேர்ந்து மனத்தைத் தொட்டன. இன்று நம் வீடுகளுக்கு வரும் மடல்களில் அந்தத் தொடுகைக்குரிய சொற்கள் மட்டும் இருக்கின்றன, தொடப்பட வேண்டிய ஆள் இல்லை.

இதைவிட என்னை வேதனைப்படுத்தியது அடுத்து நடந்ததுதான். நான் குறை சொல்லிவிட்டு வந்த மூன்றாம் மாதம் வெளியான செய்திமடலில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பெயரோடு தோன்றினாள். அவளுடைய தாய் வீட்டு வேலை செய்பவர், அவள் மருத்துவராக விரும்புகிறாள், அருகில் புன்னகைக்கும் ஒரு படம். எந்தப் பள்ளி, எந்த ஆண்டுப் பதிவு என்று கேட்டேன். பதிவேட்டில் அப்படி ஒரு குழந்தையே இல்லை. ‘ஒரு பெயர் சேர்த்து எழுது’ என்று கருவிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது ஒரு பெயரை உண்டாக்கிக் கொடுத்துவிட்டது. பெயரற்ற மடலாவது வெறுமையோடு நின்றது. இல்லாத பிள்ளையைக் காட்டிப் பணம் கேட்ட மடலை என்னவென்று சொல்வது? மடலை அனுப்பியவர்களுக்கு அது பொய் என்ற எண்ணமே எழவில்லை என்பதுதான் என் கவலை.

ஆகவே பெயர் போடுங்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கும் உதவி பெற்றது ஊரறியப் பரவினால் வகுப்பில் தலைகுனிவு வரும். பெயரை மறைக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மடலிலேயே சொல்லலாம். ஆனால் மறைக்கப்பட்ட அந்தப் பெயருக்குப் பின்னால் உங்கள் கோப்பில் ஒரு விண்ணப்பமும், பெற்றோரின் ஒப்புதலும், பணம் கட்டிய ரசீதும் இருந்தாக வேண்டும்.

பெயரில்லாமலும் உண்மையாக எழுத முடியும் என்பதற்கு என்னிடம் ஒரு சான்று இருக்கிறது. 2011-இல் இதே அறக்கட்டளையின் பழைய எழுத்தர் என் தகப்பனாருக்கு எழுதிய உள்நாட்டு அஞ்சல் உறையில், திருப்பத்தூர் பக்கத்துப் பெண் ஒருவர் நர்சிங் படிப்பில் சேர்ந்ததையும், தகப்பன் செங்கல் சூளையில் வேலை செய்வதையும், முதலாண்டுக் கட்டணத்தில் 12,000 ரூபாய் நம் தொகையிலிருந்து கட்டியதையும், விடுதிக் கட்டணத்தை அவர்களே சமாளித்துக்கொண்டதையும் ஏழு வரியில் எழுதியிருக்கிறார். எட்டாவது வரியில், அந்தப் பெண் ஒரு பாடத்தில் தவறிவிட்டதாகவும், மறுதேர்வுக்குக் கட்டணம் கட்ட அனுமதி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். என் தகப்பனார் உடனே பணம் அனுப்பினார். கருவி எழுதும் மடல்களில் யாரும் எந்தப் பாடத்திலும் தவறுவதே இல்லை. போலி மடலை நான் அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

வரிவிலக்குக்காக நன்கொடையாளர் ஒவ்வொருவரின் பெயரையும் அடையாள எண்ணையும் தொகையையும் ஆண்டுதோறும் வருமானவரித் துறைக்குப் பிழையின்றி அளிக்கிறீர்கள். கோயிலிலும் சத்திரத்திலும் உபயதாரர் பெயரைக் கல்லிலேயே வெட்டுகிறோம். கொடுத்தவர் பக்கம் இத்தனை துல்லியமாக இருக்கும்போது பெற்றவர் பக்கம் புகைமூட்டமாக இருப்பது, பேரேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பற்றும் வரவும் எழுதிப் பழகிய நம் ஊருக்குப் பொருந்தவில்லை. ஆள் பெயர் இல்லாத பற்றை நான் எழுதியிருந்தால் என் முதலாளி அன்றே கணக்கை மூடச் சொல்லியிருப்பார்.

நான் கேட்பது இதுதான். மாணவர் வீட்டுக்கோ பள்ளிக்கோ நேரில் சென்று வருபவர், யாரைக் கண்டார், எப்போது, என்ன கட்டினோம், மீதியை யார் கட்டினார்கள், இப்போது நிலை என்ன என்று ஐந்து வரிக் குறிப்பு எழுதிக் கோப்பில் வைக்கட்டும். அந்தக் குறிப்பிலிருந்து மடலை மனிதர் எழுதினாலும் கருவி ஒழுங்குபடுத்தினாலும், அச்சுக்குப் போகுமுன் அறங்காவலர் ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து, குறிப்பில் இல்லாத ஒவ்வொரு வாக்கியத்தையும் அடித்துவிட வேண்டும். சொல்ல ஒருவர் கதையும் கிடைக்காத ஆண்டில் ஐந்தொகையை மட்டும் அனுப்புங்கள்: இவ்வளவு வந்தது, இத்தனை பேருக்குக் கட்டினோம், இவ்வளவு கையிருப்பு, இத்தனை விண்ணப்பங்களுக்குக் கொடுக்க இயலவில்லை. அந்தக் கடைசி எண் ஒன்றே எனக்குப் போதும், பையைத் திறப்பேன்.

குறிப்பெழுத ஆளில்லை என்று சொல்வீர்களானால், சனிக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் நான் வருகிறேன். ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன்பே தொடங்கினால், அடுத்த மடலை ஆத்தாவுக்கு வாசிக்கும்போது அவர்கள் கேட்ட கேள்விக்கு முதல் வரியிலேயே பதில் இருக்கும்.

இப்படிக்கு,
தேவகோட்டையிலிருந்து ஒரு பழைய கணக்கர்