ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் பெட்டியில் 16 சதுர அடி இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கும், எங்களிடம் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் மேஸ்திரிகளுக்கும் இன்ஜினியர்களுக்கும் வணக்கம்.

இந்த மாதத்திலிருந்து எங்கள் எஸ்டிமேட்டும் பில்லும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். முன்பு 53 பெட்டி என்று போட்ட அதே வீட்டுக்கு இப்போது 55 என்று வரும். உங்களுக்குப் பழகிப்போன சில டைல்ஸ் பெயர்கள் பில்லில் இருக்காது. சந்தடி சாக்கில் விலையை ஏற்றிவிட்டார்களோ என்று யாருக்கும் தோன்றிவிடக் கூடாது என்பதால் கணக்கை விவரமாகவே எழுதுகிறோம்.

கடையில் விற்கும் ஒவ்வொரு டைலுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பதிவு உண்டு. பெயர், நீள அகலம், பெட்டிக்கு எத்தனை கல், எத்தனை சதுர அடி, பெட்டியின் எடை எல்லாம் அதில் இருக்கும். ஐட்டம் மாஸ்டர் என்பது இதுதான். பில் போடுபவர், குடோன்காரர், கம்பெனிக்கு ஆர்டர் அனுப்புபவர், வண்டி பிடிப்பவர் யாரும் டைலை அளந்து பார்ப்பதில்லை. இந்தப் பதிவு சொல்வதைத்தான் நம்புகிறார்கள். புது சாஃப்ட்வேருக்கு மாறும்போது பழைய பதிவுகளை அப்படியே தூக்கி வைக்காமல், ஒவ்வொன்றையும் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏற்றுகிறோம். மாற்றங்கள் எல்லாம் அங்கிருந்து வருபவை.

முதலில் சதுர அடி. ரெண்டுக்கு ரெண்டு என்று எல்லோரும் சொல்லும் டைல் உண்மையில் ரெண்டு அடி கிடையாது. அது 600 மில்லிமீட்டர். ரெண்டு அடி என்றால் 609.6 மில்லிமீட்டர். ஒரு கல்லுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் பெட்டிக்கு நாலு கல் என்று கூட்டினால் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடிதான் வருகிறது. நாலு கல், கல்லுக்கு நாலு சதுர அடி, ஆக 16 என்பது வாய்க்கணக்கு. அந்த வாய்க்கணக்கு யாரோ ஒருவர் தட்டியதில் மாஸ்டரில் ஏறிவிட்டால், அப்புறம் எல்லா எஸ்டிமேட்டிலும் அதுவே வரும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தரை 800 சதுர அடி. நேராகப் பதித்தால் வேஸ்டேஜுக்கு 5 சதவீதம் சேர்க்கலாம், மொத்தம் 840. பதினாறால் வகுத்தால் 52.5, ஆகவே 53 பெட்டி. சரியான 15.5-ஆல் வகுத்தால் 54.2, ஆகவே 55 பெட்டி. எங்கள் விலை எப்போதும் பெட்டிக்குத்தான் என்பதால் இதில் பணம் கூடுதலாகப் போகாது. ஆனால் 53 பெட்டி மட்டும் எடுத்தால் கடைசி அறை முடிவதற்குள் கல் தீர்ந்துவிடும். மறுபடி ரெண்டு பெட்டி வாங்க வரும்போது அதே ஷேடு கிடைக்குமா என்றால், பெரும்பாலும் கிடைக்காது. ஒவ்வொரு சுடுதலிலும் நிறம் லேசாக மாறும், அதனால்தான் பெட்டியின் பக்கவாட்டில் ஷேடு நம்பர் அச்சடிக்கிறார்கள். சதுர அடி விலைக்கு எங்கே வாங்கினாலும் இதைக் கவனியுங்கள். அடி 50 ரூபாய் என்றால், 16 என்று போட்ட பெட்டி ஒவ்வொன்றுக்கும் 25 ரூபாய் இல்லாத கல்லுக்குப் போகிறது.

இதே அரை அடி குடோனிலும் வேலையைக் காட்டும். நூறு பெட்டி வந்திறங்கும்போது மாஸ்டர் அதை 1,600 சதுர அடி என்று வரவு வைக்கிறது. விற்கும்போது கவுன்டரில் இருப்பவர் பெட்டியைப் பார்த்து 15.5 என்று கையால் போடுகிறார். நூறும் விற்றுத் தீர்ந்த பிறகும் கம்ப்யூட்டரில் 50 சதுர அடி, அதாவது மூன்று பெட்டிக்கு மேல் மிச்சம் காட்டும். போனில் கேட்பவரிடம் "இருக்கு, வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். அவர் வண்டியோடு வந்து நிற்கும்போது குடோன் காலி. இன்னொரு சிக்கலும் உண்டு. சரக்கு இருப்பதாக கம்ப்யூட்டர் நினைப்பதால், ஆர்டர் போடச் சொல்லி அது ஞாபகப்படுத்தவும் செய்யாது. இனி எங்கள் ஸ்டாக் முழுக்கக் கல் எண்ணிக்கையில்தான் இருக்கும். கல்லைப் பாதியாக எண்ண முடியாது, உடைந்த மூன்று கல்லைக் கழிக்கவும் வசதி. பெட்டியும் சதுர அடியும் அதிலிருந்து கணக்காகி பில்லில் தனித்தனியாக வரும்.

அடுத்தது ஒரே டைலுக்கு இரண்டு பெயர். கம்பெனி இன்வாய்ஸைப் பார்த்து வரவு வைப்பவர் `IVORY 600X600 GL` என்று ஒரு பதிவு வைத்திருப்பார். கவுன்டரில் இருப்பவர் தேடியபோது அது கண்ணில் படாமல் `2X2 IVORY GLOSSY` என்று புதிதாக ஒன்றைத் திறந்திருப்பார். வரவெல்லாம் முதல் பெயரில், விற்பனையெல்லாம் இரண்டாவதில். ஒன்றில் ஸ்டாக் ஏறிக்கொண்டே போகும், இன்னொன்று மைனஸில் இறங்கும். இல்லாத கல்லை விற்க முடியாது, ஆகவே மைனஸ் ஸ்டாக் தெரிந்தால் முதலில் இரட்டைப் பதிவு இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும். கவனிக்காமல் விட்டால், மைனஸைப் பார்த்துப் புதுச் சரக்குக்கு ஆர்டர் போகும். பழைய ஷேடு குடோன் மூலையில் கிடக்க, புது ஷேடு வந்து அதன் முன்னால் அடுக்கப்படும்.

இரட்டைப் பதிவை அழித்துவிடுவதில்லை, அழித்தால் உங்கள் பழைய பில்லுக்கு ஆதாரம் போய்விடும். அதை முடக்கிவைத்து, இருப்பைச் சரியான பதிவுக்கு மாற்றி, பழைய பெயரையும் தேடுவதற்காக அதோடு சேர்த்துவைக்கிறோம். நீங்கள் பழைய பில்லோடு மிச்சப் பெட்டியைத் திருப்பித் தர வந்தாலும் டைல் சிக்கும். ஆனால் பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒன்றாக்கவும் கூடாது. கிளாஸியும் மேட்டும் வேறு, முதல் தரமும் இரண்டாம் தரமும் வேறு. அவை தனித்தனி ஐட்டம். ஷேடு மட்டும்தான் ஒரே ஐட்டத்துக்குள் தனி லாட். இந்த இடத்தில் கம்ப்யூட்டரை நம்பாமல், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம்.

எடை விஷயம் சின்னது போலத் தெரியும், லோடு ஏற்றும்போதுதான் புரியும். புது ஐட்டம் திறக்கும்போது பழையதை நகலெடுத்து, பெயரையும் அளவையும் மட்டும் மாற்றுவது எல்லாக் கடையிலும் வழக்கம். சுவர் டைல் பதிவை நகலெடுத்துத் தரை டைல் திறந்தால், 11 கிலோ என்ற பழைய எடை அப்படியே ஒட்டிக்கொள்ளும். ரெண்டுக்கு ரெண்டு, 9 மில்லிமீட்டர் கனமுள்ள விட்ரிஃபைடு பெட்டி ஏறக்குறைய 29 கிலோ. அந்த 55 பெட்டிக்கு கம்ப்யூட்டர் 605 கிலோ என்று சொல்லும், ஒரு குட்டியானை போதும் என்று தோன்றும். உண்மையில் அது 1,600 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. குட்டியானை தாங்குவது முக்கால் டன் அளவுக்குத்தான். டிரைவர் ஏற்ற மாட்டேன் என்பார், சரியாகத்தான் சொல்வார். வண்டி வாடகையில் சிலருக்கு மாற்றம் தெரியும் என்றால் காரணம் இதுதான். இப்போது ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டியைத் தராசில் வைத்துத்தான் எடையைப் பதிகிறோம்.

பழைய எஸ்டிமேட் வைத்திருந்து இன்னும் சரக்கு எடுக்காதவர்கள், அதைக் கொண்டு வாருங்கள் அல்லது வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புங்கள், புதுக் கணக்கில் போட்டுத் தருகிறோம். பாதி எடுத்து மீதிக்குக் காத்திருப்பவர்கள், கையில் இருக்கும் பெட்டியின் ஷேடு நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பினால் அதே லாட்டில் பிடித்துவைக்கப் பார்க்கிறோம். மூலைவாட்டில் பதிப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கு வேஸ்டேஜ் 10 சதவீதம் போட வேண்டியிருக்கும். ஸ்கர்ட்டிங் அளவைத் தனியாகக் குறித்துக் கொடுங்கள், தரை அளவோடு சேர்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்