ஒரே மின்னஞ்சலில் ‘நானும்’ ‘நாங்களும்’

ஆசிரியர் அவர்களுக்கு,

அலுவலகக் கடிதங்களில் வரும் எழுத்துப் பிழைகள் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அதில் சேராத ஒரு பிழையைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதில் எழுத்து ஒன்றுமே பிழைப்பதில்லை. வாக்கியத்தின் கடைசி விகுதி மட்டும் ‘செய்கிறேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ ஆகவும் ‘செய்கிறோம்’ என்பதில் உள்ள ‘ஓம்’ ஆகவும் மாறி மாறி வரும்.

நான் நிலாவெளிக் கடற்கரையில் உள்ள ஒரு விடுதியில் முன்பதிவு வேலை பார்க்கிறேன். கடந்த மார்கழியில் வவுனியாவிலிருந்து ஒரு குடும்பம் நான்கு அறைகள் எடுத்து, 40,000 ரூபா முற்பணமும் கட்டியிருந்தது. வரவேண்டிய நாளில் ஹொரவப்பொத்தானைப் பக்கம் வீதியில் வெள்ளம். அவர்களால் வர முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று முதலாளி சொன்னார். நான் எழுதிய பதில் இது:

“உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. நீங்கள் வர முடியாமல் போனதற்கு வருந்துகிறோம். உங்கள் நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. முற்பணத்தை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்புகிறேன். அடுத்த முறை வந்தால் 10 வீதக் கழிவு தருவோம். கணக்கு இலக்கத்தை எனக்கு அனுப்புங்கள். நாம் இதை விரைவில் முடித்துவிடுவோம்.”

எழுதியபோது இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அன்பாகத்தான் எழுதினேன். என் அம்மாவுக்குச் சுகமில்லாமல் வியாழனும் வெள்ளியும் விடுமுறை எடுத்தேன். வியாழக்கிழமையே அந்த வவுனியாக் குடும்பத்து அம்மா கணக்கு இலக்கத்தை என் பெயர் போட்டு, விடுதியின் பொது முகவரிக்கு அனுப்பியிருக்கிறார். காசாளர் அதைத் திறந்து பார்த்தார். கீழே என் பழைய பதிலில் ‘அனுப்புகிறேன்’ என்று இருந்தது. சரி, இது அவள் கையில் எடுத்த வேலை, வந்து செய்வாள் என்று விட்டுவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நான் எழுதியதைத்தான் அவர் வாசித்தார்.

திங்கட்கிழமை அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை, தயங்கித் தயங்கிக் கேட்டார்: “பிள்ளை, நீங்கள் உங்கள் காசில் தருவதாகச் சொன்னீர்களோ? நாம் முடிப்போம் என்று வேறு எழுதியிருந்தீர்கள். நான் வங்கியில் ஏதும் படிவம் நிரப்ப வேண்டுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.” அந்த ‘நாம்’ அவரை நான்கு நாள் காக்க வைத்துவிட்டது.

இங்கே நம் மொழியின் தன்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் அதில் இல்லை. ‘நாம்’ என்றால் அவரும் உண்டு. பழைய தமிழில் வினை விகுதியே இதைக் காட்டியது. அம், ஆம் என்ற விகுதிகள் முன்னால் இருப்பவரையும் சேர்க்கும் என்றும், எம், ஏம், ஓம் ஆகியவை படர்க்கையாரைச் சேர்க்கும் என்றும் நன்னூல் பிரித்துச் சொல்கிறது. இன்று இரண்டுக்கும் ‘ஓம்’ ஒன்றுதான் மிச்சம். எங்கள் பக்கப் பேச்சில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ‘நாங்கள்’ என்றே சொல்லிவிடுவதால், எழுத உட்காரும்போது ‘நாம்’ என்பதை மரியாதையான ‘நாங்கள்’ என்று நினைத்துப் போட்டுவிடுகிறோம். வாடிக்கையாளருக்கு எழுதும்போது அது அவரையும் வேலையில் இழுத்துவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ‘ஓம்’ ஆக்கிவிடலாமே என்று எங்கள் விடுதியிலேயே ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுகிற குரலோடு பேசிய ஒருவருக்கு “உங்கள் அழைப்பை எடுத்தோம், கவலையாக இருந்தது” என்று எழுதினால் அது யாருடைய கவலையும் இல்லை. தொலைபேசியை எடுத்தவள் ஒருத்திதான். ‘பணம் அனுப்பப்படும்’ என்று செயப்பாட்டுவினையில் ஒளிந்துகொள்வது இன்னும் மோசம். அதில் அனுப்புகிறவரே இல்லாமல் போய்விடுகிறார்.

நான் இப்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒன்றைத்தான் கேட்கிறேன்: நாளை நான் இந்த வேலையில் இல்லாவிட்டாலும் இது நடக்க வேண்டுமா? பணம், கழிவு, தேதி, விடுதியின் மன்னிப்பு எல்லாம் நான் இல்லாவிட்டாலும் நடக்க வேண்டியவை. அவற்றுக்கு ‘ஓம்’. நான் கேட்டது, நான் பார்த்தது, நான் செய்த தவறு, என் கையால் செய்யப்போகிற வேலை ஆகியவற்றுக்கு ‘ஏன்’. பிறகு இரண்டையும் ஒரே பந்தியில் கலக்காமல், விடுதி பேசுவதை முதலில் முடித்துவிட்டு, நான் பேசுவதைத் தனிப் பந்தியாக வைக்கிறேன். மாறுகிற இடத்தில் ‘நான்’ என்ற சொல்லை வெளிப்படையாகவே எழுதுகிறேன். தமிழில் எழுவாயை விட்டுவிட்டே எழுத முடியும் என்பதால்தான் இந்தத் தாவல் எழுதுகிறவருக்கே தெரியாமல் நடக்கிறது. அதே மின்னஞ்சலை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்:

“நீங்கள் வர முடியாமல் போனதற்கு வருந்துகிறோம். முற்பணம் 40,000 ரூபாவை வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுவோம். அடுத்த முறை வரும்போது 10 வீதக் கழிவும் தருவோம். கணக்கு இலக்கத்தை இந்த முகவரிக்கே அனுப்பினால் போதும், வேறொன்றும் செய்யத் தேவையில்லை.

அன்று உங்களோடு தொலைபேசியில் பேசியது நான்தான். பிள்ளைகளோடு பாதி வழியில் திரும்பியதைக் கேட்டுக் கவலைப்பட்டேன். வியாழனும் வெள்ளியும் நான் விடுமுறை. விவரத்தைக் காசாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.”

அனுப்புமுன் ஒரு தடவை வினைமுற்றுகளை மட்டும் வாசிக்கிறேன்: வருந்துகிறோம், அனுப்பிவிடுவோம், தருவோம், கவலைப்பட்டேன், சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று ஓம், பிறகு இரண்டு ஏன். ஒரே ஒரு இடத்தில்தான் மாறுகிறது. பழைய பதிலை இப்படி வாசித்தால் ஓம், ஏன், ஓம், ஓம் என்று வரும். விகுதி காட்டாத இடங்களும் உண்டு. ‘எனக்குப் புரிகிறது’, ‘எனக்கு அனுப்புங்கள்’ என்பவற்றில் வினைமுற்றைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ‘எனக்கு’ என்பதைத்தான் தேட வேண்டும். என்னுடைய சிக்கலில் பாதி அந்த ‘எனக்கு அனுப்புங்கள்’ செய்தது.

கையொப்பமும் இதோடு ஒத்துப்போக வேண்டும். மேலே விடுதி வாக்குக் கொடுத்துவிட்டு, கீழே வெறுமனே என் பெயரை மட்டும் போட்டால் வாக்கு மறுபடி என்னுடையதாகிவிடும். பெயருக்குக் கீழே ‘முன்பதிவுப் பிரிவு, விடுதிக்காக’ என்று சேர்க்கிறேன். கழிவு கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்வியும் அந்த இடத்தில்தான் நினைவுக்கு வருகிறது. அன்று நான் எழுதிய 10 வீதத்தை முதலாளியிடம் கேட்டிருக்கவில்லை. ‘தருவோம்’ என்று எழுதியதால் அவர் அதை மறுக்கவில்லை, ஆனால் “யாரைக் கேட்டு?” என்றார். அது நியாயமான கேள்வி. ‘ஓம்’ போடுமுன் அந்த ‘நாங்கள்’ ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த அம்மாவின் பணம் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தது. தாமதம் என் வாக்கியத்தால் வந்தது என்று ‘நான்’ போட்டே எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
நிலாவெளி, திருகோணமலை.