செட்டிநாட்டுத் தையல் பயிற்சி ஆசிரியைகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் தையல் கற்றுத்தரும் ஆசிரியைகளுக்கு, கட்டிங் வேலை செய்யும் எங்கள் வணக்கம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஒரு பேட்டர்ன் உறையின் அளவு அட்டவணையைப் படம் பிடித்து, கூடவே தங்கள் அளவையும் எழுதி அனுப்புகிறார்கள். "இந்த மாடலில் கண்டாங்கிப் பருத்தியில் ஒரு குர்தி" என்பார்கள். உங்களிடம் படித்து வரும் பெண்கள் மார்புச் சுற்றளவைப் பார்த்து சைஸ் எடுக்கிறார்கள். தோள் தொங்குவது அங்கேதான் தொடங்குகிறது. இதை வகுப்பிலேயே மாற்றித் தர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் படம். சாய்வாக எடுத்த படத்தில் ஒரு கட்டத்தின் எண் பக்கத்துக் கட்டத்தின் கீழ் நிற்பதுபோல் தெரியும். சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் போன்ற அமெரிக்கப் பேட்டர்ன்களில் பெண்களுக்கான 14-ஆம் சைஸ் மார்பு 36, இடுப்பு 28, சீட் 38 இஞ்ச். 16-க்கு 38, 30, 40. 18-க்கு 40, 32, 42. இந்த மூன்றிலும் சீட் மார்பைவிடச் சரியாக 2 இஞ்ச் கூடுதல். படத்தில் 36-க்குக் கீழே 40 என்று படித்தால் கட்டம் மாறிவிட்டது என்று அர்த்தம். 14-க்கு நேரே ஐரோப்பிய சைஸ் 40 என்றும் அச்சிட்டிருக்கும். அதை மார்பு 40 என்று எடுத்துவிடக் கூடாது. தலைப்பு வரி வெட்டுப்பட்ட படம் என்றால் வேறு படம் கேட்டு வாங்குங்கள். உடம்பு அளவா, தைத்து முடித்த உடுப்பின் அளவா என்பது அந்த வரியில்தான் இருக்கிறது.

அடுத்து, அனுப்பிய அளவு எதில் எடுத்தது? நம் ஊரில் அளவு ஜாக்கெட்டை விரித்து அளப்பது பழக்கம். அதில் லூஸ் ஏற்கனவே சேர்ந்திருக்கும், அட்டவணையோ உடம்புக்கு. ஆகவே உடம்பில் டேப் வைத்து எடுத்த நான்கு அளவுகளைக் கேளுங்கள்: அக்குளை ஒட்டி மார்புக்கு மேலே ஒரு சுற்று, மார்பின் முழுச் சுற்று, இடுப்பின் ஒடுங்கிய இடம், சீட்டின் அகன்ற இடம். "இடுப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால் டேப்பை எங்கே வைத்தார்கள் என்று கேட்காமல் கத்திரி எடுக்க வேண்டாம்.

இந்த நான்கில் முதலாவதைத்தான் யாரும் எடுப்பதில்லை. சைஸைத் தீர்மானிப்பதோ அதுதான்.

ஒரு பெண்ணின் மேல் மார்பு 36, முழு மார்பு 39, இடுப்பு 33, சீட் 41 என்று வைத்துக்கொள்வோம். முழு மார்பைப் பார்த்தால் 18 சரி என்றே தோன்றும். சீட்டும் 42-க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் 18-ஐ வெட்டினால் மார்போடு சேர்ந்து தோள் நீளம், கழுத்து அகலம், முதுகு அகலம், கைக்குழி எல்லாமே பெரிதாகிவிடும். அந்தப் பெண்ணின் எலும்புக் கூடு அத்தனை பெரிதில்லை. தோள் தையல் கைப்பக்கம் இறங்கும், கழுத்து முன்னால் பிளந்து நிற்கும். பிறகு எத்தனை தடவை பக்கத்தில் பிடித்தாலும் தோள் சரியாகாது.

இந்தப் பேட்டர்ன்கள் இரண்டு மார்பு அளவுகளுக்கும் சுமார் 2 இஞ்ச் வித்தியாசம் என்ற கணக்கில் வரைந்தவை. இங்கே வித்தியாசம் 3. 2-ஐத் தாண்டினால் மேல் மார்பு அளவையே மார்பாகக் கொண்டு சைஸ் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 36, அதாவது 14. தோளும் கழுத்தும் சரியாக உட்காரும். மார்பில் மட்டும் 3 இஞ்ச் குறையும்.

அந்த 3 இஞ்சை முன்பாகத்தில் கொடுங்கள். பாதி முன்பாகத்துக்கு ஒன்றரை இஞ்ச். கைக்குழியிலிருந்து மார்பு உச்சி வரையும், அங்கிருந்து நேர்கீழே ஓரம் வரையும் தாளை வெட்டுங்கள். பக்கத் தையலிலிருந்து உச்சி வரை இன்னொரு வெட்டு. கைக்குழி முனையில் தாள் ஒட்டியே இருக்கட்டும். ஒன்றரை இஞ்ச் விரித்தால் பக்க டார்ட் தானாகப் பெரிதாகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடுப்பில் வெட்டு இல்லாத குர்தியில் இந்த விரிவு ஓரம் வரை இறங்குகிறது. அதனால் இடுப்பு 28 என்பது 31 ஆகிறது, சீட் 38 என்பது 41 ஆகிறது. சீட் சரியாகிவிட்டது. இடுப்பில் மட்டும் 2 இஞ்ச் குறை; நான்கு பக்க ஓரங்களிலும் அரை அரை இஞ்ச் வளைவை வெளியே தள்ளினால் போதும். "சீட்டுக்கு 18" என்று முதலிலேயே கோட்டை அகட்டிவிட்டு அதன்மேல் மார்பையும் விரித்தால், சீட் 45-க்குப் போய்விடும். மார்பை முடித்துவிட்டுத்தான் கீழே அளக்க வேண்டும்.

லூஸைத் தனியாகச் சேர்க்காதீர்கள், அது பேட்டர்னுக்குள்ளேயே இருக்கிறது. உறையில் 14-க்கு முடித்த மார்பு 40 என்று இருந்தால் லூஸ் 4 இஞ்ச். விரித்த பிறகு முடித்த அளவு 43 ஆகும், லூஸ் அதே 4.

கண்டாங்கிப் பருத்தி இழுத்தால் நீளாது, அரை இஞ்ச் பிழையைக்கூட மன்னிக்காது. அதை நனைத்துக் காயவைத்த பிறகே விரியுங்கள். அதற்கு முன், கழுத்திலிருந்து இடுப்பு வரை மட்டும் மல் துணியில் வெட்டி, நீளத் தையல் போட்டு, ஆள் ஊரில் இருந்தால் உடம்பில் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் துணியையே அவர்களுக்கு அனுப்பி, தோள் தையல் எங்கே நிற்கிறது என்று முன்னும் பின்னும் நேராகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.