பேனா நண்பிக்கு எழுதும் ‘போன் குராஜ்’

லியோன்,
செப்டம்பர் மாதம்

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதமும், நாந்த் நகரத்துப் பேனா நண்பிக்கு அனுப்புவதற்காக நீ பிரெஞ்சில் எழுதி வைத்திருக்கும் வரைவும் கிடைத்தன. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்து கோயில் வரை நடந்து போகிறார்கள் என்று படித்து மகிழ்ந்தேன். நாங்கள் இங்கு நலமாக இருக்கிறோம். கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டன. ஊரே வேலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. நீ பொருள் கேட்டிருக்கும் ‘போன் குராஜ்’ என்ற பிரெஞ்சு வாழ்த்து அதிகமாகக் காதில் விழும் பருவமும் இதுதான் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உன் வரைவில் மொழிப்பிழை அதிகம் இல்லை. ஆனால் கடைசி வரியில் ‘பொன் ஷான்ஸ்’ என்று முடித்திருக்கிறாய். அதைத்தான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாயார், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீட்டுக்கு இனித் திரும்ப முடியாது என்பதால், உன் நண்பி சனி, ஞாயிறுகளில் அந்த வீட்டைக் காலி செய்து, தாயாரைத் தன் வீட்டுக்கு அருகில் குடியேற்றப் போகிறார் என்று எழுதியிருந்தாய். ‘பொன் ஷான்ஸ்’ என்பது அதிர்ஷ்டம் கைகொடுக்கட்டும் என்ற வாழ்த்து. முடிவு நம் கையில் இல்லாத இடங்களில், அதாவது நேர்முகத் தேர்வுக்குப் போகிறவரிடமோ போட்டியில் இறங்குகிறவரிடமோ, அது பொருத்தமாக இருக்கும். உன் நண்பி எதிர்கொள்வதோ அதிர்ஷ்டத்தால் தீர்கிற விஷயம் அல்ல. பெட்டி பெட்டியாகக் கட்டி, படியிறக்கி, அழுகிற தாயாரையும் தேற்றி, திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போக வேண்டிய நீண்ட உழைப்பு. இப்படிப்பட்ட இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் யோசிக்காமலே சொல்வது ‘போன் குராஜ்’.

‘குராஜ்’ என்றதும் புலியை எதிர்த்து நிற்கிற வீரத்தை நினைத்துக்கொள்ளாதே. அந்தச் சொல் இதயத்தைக் குறிக்கும் ‘கர்’ என்ற சொல்லோடு ஒரே வேரிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் அது மனம், நெஞ்சம் என்ற பொருளிலேயே வழங்கியது. இன்றைய பேச்சிலும் காலையில் எழுந்து வேலையைத் தொடங்குவதற்கு வேண்டிய மன உரத்துக்கு அதுதான் பெயர். களைத்துப்போனவர் துணி மடிக்கக்கூடத் தனக்குக் ‘குராஜ்’ இல்லை என்பார். ஆகவே ‘போன் குராஜ்’ என்று சொல்கிறவர், உன் முன்னால் இருக்கும் வேலை கடினமானது என்பதை நான் அறிவேன், அதைத் தாங்கிச் செய்து முடிக்கும் தெம்பு உனக்கு இருக்கட்டும் என்கிறார். எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. நாம் ஆறுதல் சொல்லும்போது பெரும்பாலும் முடிவைப் பற்றியே பேசுகிறோம். இந்த வாழ்த்து முடிவைத் தொடாமல், நடுவில் கிடக்கும் உழைப்பை மட்டும் பார்க்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நேர்மைதான்.

இதைச் சொல்வதற்குப் பெரிய துன்பம் வேண்டும் என்பதும் இல்லை. கூட்டம் நெரியும் சனிக்கிழமை மாலையில் பல்பொருள் அங்காடியின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு நகரும்போது நான் இதைச் சொல்வதுண்டு; அவரும் நிமிர்ந்து பார்த்து ‘மெர்சி’ என்பார். பள்ளி இறுதித் தேர்வான பக்கலொரேயாவுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் சொல்வார்கள். ஜூன் மாதத்தில் நான்கு மணி நேரம் தத்துவத் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைக்கு, படிக்கிற வாரங்கள் முழுவதும் ‘போன் குராஜ்’ பொருந்தும். தேர்வறைக்குள் நுழையும் காலையில் ‘பொன் ஷான்ஸ்’ என்பதும் சேர்ந்துகொள்ளும்.

சொல்லக் கூடாத இடங்களையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் முகபாவம் தெரியாது. மகிழ்ச்சியான செய்திக்கு இது ஆகாது. ஒருவர் ஆசைப்பட்ட வேலை கிடைத்துவிட்டது என்று எழுதும்போது ‘போன் குராஜ்’ என்று பதில் போட்டால், அங்கே போய் நீ படப்போகிறாய் என்று சொன்னதுபோல் ஆகிவிடும். நோயாளிக்கு உடல் தேற வாழ்த்துவது வேறு. அதற்கு ‘போன் ரெத்தாப்லிஸ்மான்’ என்பார்கள். உன் கடிதத்தில் தாயாருக்கு அந்த வாழ்த்தும், சுமையைத் தூக்கும் மகளுக்கு இந்த வாழ்த்தும் தனித்தனியாக வர வேண்டும். மரணம் நேர்ந்த வீட்டுக்கு எழுதும்போதோ, இந்த இரண்டு சொற்களை மட்டும் எழுதினால் மிகவும் இலேசாகத் தோன்றும். அங்கே முதலில் இரங்கல் சொல்லிவிட்டு, ‘உனக்கு மிகுந்த மனவலிமை கிடைக்க வேண்டுகிறேன்’ என்ற பொருள்பட முழு வாக்கியமாக எழுதுவதுதான் மரியாதை. சுமையைத் தலையில் ஏற்றியவரே இந்த வாழ்த்தையும் சொல்வது இன்னொரு வகை: மாலை ஆறு மணிக்குக் கோப்புக் கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மேலாளர் ‘போன் குராஜ்’ என்று போனால், அதைக் கேட்கிறவருக்கு எரிச்சல்தான் வரும்.

இனி உன் வரைவுக்கு வருகிறேன். வாழ்த்தைத் தனியாக விடாமல், எதற்காகச் சொல்கிறாய் என்பதையும் ‘பூர்’ என்ற சொல்லைச் சேர்த்துக் குறிப்பிடு: ‘போன் குராஜ் பூர் லெ தெமெனாஜ்மான்’, அதாவது வீடு மாற்றும் வேலைக்காக. அப்படிக் குறிப்பிட்டால்தான், அவர் எழுதியதை நீ கவனித்துப் படித்திருக்கிறாய் என்பது அவருக்குத் தெரியும். பொதுவாக இனி வரப்போகும் நாட்களுக்காகச் சொல்ல ‘போன் குராஜ் பூர் லா ஸ்வீத்’ என்ற வழக்கும் உண்டு. ஆனால் வேலையின் பெயர் தெரிந்திருக்கும்போது அதைச் சொல்வதே நெருக்கமானது. எழுத்திலும் ஒரு சிறு எச்சரிக்கை: ‘ஷான்ஸ்’ பெண்பால், ‘குராஜ்’ ஆண்பால். முன்னதற்கு எழுதிய ‘bonne’ என்ற நீளமான அடைமொழியை அப்படியே விட்டுவிடாமல், கடைசி இரண்டு எழுத்துகளை நீக்கி ‘bon’ என்று எழுது. கற்றுக்கொள்கிறவர்கள் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

வரிசையை நான் இப்படி வைப்பேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி; உன்னையும் அம்மாவையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி; தாயார் தேறுவதற்கான வாழ்த்து; அதன் பிறகு ‘போன் குராஜ்’ வரி; நேரம் கிடைக்கும்போது எழுது, அவசரம் இல்லை என்று முடிவு. நீ எழுதியிருக்கும் ‘கவலைப்படாதே’ என்ற வரியை எடுத்துவிடு. தாயார் வாழ்ந்த வீட்டைக் காலி செய்கிறவர் கவலைப்படத்தான் செய்வார். அடுத்த வரியில் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டு வாழ்த்தப் போகிற நீ, முந்தின வரியில் அதை இல்லையென்று சொல்வது பொருந்தாது.

வீடு மாற்றி முடித்துவிட்டேன் என்று அவர் அடுத்த கடிதத்தில் எழுதினால், மறுபடியும் ‘போன் குராஜ்’ என்று எழுதிவிடாதே. அது தொடங்கும்போதும் நடுவிலும் சொல்வது. அப்போது நன்றாக ஓய்வெடுத்துக்கொள் என்ற பொருளில் ‘ரெபோஸ் த்வா பியென்’ என்று எழுதி, அம்மாவுக்குப் புது வீடு பழகிவிட்டதா என்று கேள். திருத்திய வரைவை அனுப்பிவைத்தால், தபாலில் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
வசந்தா