கல்லூரித் தமிழ் நாடகக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கூட்டங்கள் முறைப்படி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். பல்கலைக்கழகக் கலைவிழாவுக்காகத் தயாராகிவரும் வீதி நாடகத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கருப்பொருள் தேடியபோது வரதட்சணை, போதை, தண்ணீர் என்று பல வந்தன. தண்ணீருக்கு எல்லோரும் கைதூக்கினார்கள். ஆனால் அது வெறும் தலைப்பு. யார் யாரிடம் என்ன கேட்கிறார், அவர் ஏன் மறுக்கிறார் என்பது தெரிந்தால்தான் நாடகம். அதனால் நம் சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையை எடுத்துக்கொண்டோம். 2000இல் அங்கே கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டுவிட்டது, சமைத்த சோறு சீக்கிரம் ஊசிப்போகிறது என்று பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் முறையிட்டார்கள். 2002 ஏப்ரலில் மயிலம்மா உள்ளிட்ட பழங்குடி மக்கள் ஆலை வாசலில் போராட்டத்தில் இறங்கினார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

முதலாளியை அரக்கனாக்கி முழக்கமிட்டால், பார்ப்பவர் முடிவை முதலிலேயே ஊகித்து நகர்ந்துவிடுவார். ஆகவே மோதலை ஒரே வீட்டுக்குள் வைத்தோம். அக்காள் போராட்டப் பந்தலில். தங்கையின் கணவனுக்கு ஆலையில் தினக்கூலி. ஆலைக் கழிவை உரமென்று விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003இல் வெளியான ஆய்வில் அதில் காரீயமும் காட்மியமும் இருப்பது தெரிந்தது. அந்த உரமூட்டையைத்தான் தங்கை வயலுக்குச் சுமந்து போகிறாள். அக்காள் வழிமறிக்கிறாள். நாடகத்தின் உயிர் அந்தக் காட்சி.

கதை சொல்லும் முறையைப் பாலக்காட்டுப் பொறாட்டு நாடகத்திலிருந்து எடுத்தோம். அதில் கேள்வி கேட்பவர் ஒருவர் ஓரமாக நின்று, வரும் பாத்திரத்திடம் ஊர், பேர், வந்த காரியம் எல்லாம் விசாரிப்பார். பதிலிலேயே முன்கதை வந்துவிடும். தனியே விளக்கவுரை தேவையில்லை. தமிழும் மலையாளமும் கலந்து வரும் கலை அது. அதனால் வீட்டுப் பேச்சைத் தமிழிலும் அதிகாரியின் பேச்சை மலையாளத்திலும் வைத்தது ஒட்டாமல் நிற்கவில்லை.

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதி ஒத்திகையில் பஸ் இரைச்சல் நீண்ட வசனங்களை விழுங்கியது. முன்வரிசைப் பிள்ளைகள் வேறுபக்கம் திரும்பிய இடங்களைக் குறித்துவைத்து, அங்கெல்லாம் வசனத்தை வெட்டினோம். சுற்றிலும் ஆட்கள் நிற்பதால், பேசுபவர் ஒரே பக்கம் நின்றால் முதுகுப்பக்கம் இருப்பவர்களுக்கு எதுவும் எட்டாது. சண்டை நடக்கும்போதே சகோதரிகள் வட்டமாக நகரும்படி மாற்றியிருக்கிறோம்.

முடிவில் ஆலை மூடியதைக் கொண்டாட வேண்டும் என்றார்கள் சிலர். நான் உடன்படவில்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைக் கேரள சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. எனவே கேள்வி கேட்பவர் கடைசியில் கூட்டத்தைப் பார்த்து, “இழப்பீடு வாங்கியவர் யாராவது இருக்கிறீர்களா?” என்கிறார். பதிலுக்குக் காத்திருக்கும்போதே பறை நிற்கிறது.

அந்தப் பாத்திரத்தில் நடிப்பவர் இறுதியாண்டு மாணவர். அடுத்த ஆண்டும் இதை ஆடுவதென்றால் இப்போதே ஒருவரைப் பழக்க வேண்டும். உறுப்பினர்கள் பெயர்களை முன்மொழியும்படி கேட்டுக்கொள்கிறேன்.